ஆள் உயர நிலா

அவளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, வெளியே வருவதில்லை. தெருவிலும் கடையிலும் மகளின் பள்ளிக்கூட வாசலிலும் அவள் நிலாக்காதான். அவளைவிட இருபது வயது மூத்த தையல்காரர்கூட "நிலாக்கா, சௌக்கியமா?" என்றுதான் கேட்பார். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. அப்புறம் பழகிவிட்டது. இப்போது யாராவது நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பாள்.

அவள் வேலை வானத்தில். ஆனால் உட்கார்ந்திருப்பது மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட ஓர் அறையில். கல்யாண ஆல்பங்களில் வெளுத்துப்போன வானத்தைச் சரிசெய்வாள். வெறும் வானத்தில் நிலாவை ஏற்றுவாள், பறவைகளைப் பறக்க விடுவாள், வெடிக்காத வாணத்தை வெடிக்க வைப்பாள். பதினேழு வருடமாக இதே பிழைப்பு. அவளுடைய கம்ப்யூட்டரில் இருநூற்றுப் பன்னிரண்டு நிலாக்கள் இருந்தன. பிறை, அரை, முக்கால், முழுசு என்று தேய்மானப்படி அடுக்கி, அடிவானத்து நிலாவுக்கு ஒன்றும் உச்சி நிலாவுக்கு ஒன்றுமாகத் தனித்தனிப் பெட்டி போட்டு வைத்திருந்தாள். துணி அலமாரியில் இந்த ஒழுங்கு கிடையாது என்று அவள் மகள் சொல்வதுண்டு.

அந்த ஸ்டூடியோ அவள் கணவருடையது. படம் எடுப்பவர் அவர். நல்ல மனிதர், ஆனால் ரொம்பவும் நல்ல மனிதர். மாப்பிள்ளையிடம் "கொஞ்சம் சிரிங்க" என்பார். உடனே, தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்பார். அவர் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் மாப்பிள்ளை சிரித்து முடித்திருப்பார். படம் கெட்டுப்போனதில்லை, பிரமாதமாக வந்ததும் இல்லை. வானம் மட்டும் எப்போதும் வெளுத்த பழந்துணி மாதிரி இருக்கும். மீதியை நிலாக்கா பார்த்துக்கொள்வாள்.

"பட்டனை அமுக்கறது அவரு, படம் எடுக்கறது அந்தம்மா" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் சிரிப்பு நின்றுவிடும். இதை நிலாக்கா கவனித்திருந்தாள். கவனித்தவள் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்?

தொழிலில் அவள் கண் விளக்கெண்ணெய் விட்ட கண். பிறையின் ஒளி விழுந்த பக்கம் சூரியன் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும் என்பாள். அஸ்தமனச் சூரியனையும் முழு நிலாவையும் ஒரே சட்டத்துக்குள் வைப்பவனைக் கண்டால் அவளுக்கு ரத்தக் கொதிப்பு. நிலா, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நின்றால்தானே முழு முகத்தையும் காட்டும்? பிறையின் இருட்டுப் பகுதியைக் கறுப்பு வட்டமாக நீல வானத்தில் ஒட்டுபவர்கள் தனி ரகம். நிலாவின் நிழல் பக்கம் வானத்தைவிடக் கறுப்பாக ஒருநாளும் இருக்காது, நடுவில் இருக்கும் காற்றின் வெளிச்சம் அதையும் மூடுகிறதே. அதனால்தான் அவள் நிலாவையும் வாணத்தையும் 'ஸ்கிரீன்' முறையில் பதிப்பாள். அதில் கறுப்பெல்லாம் கரைந்து, வெளிச்சம் மட்டும் வானத்தோடு கூடிக்கொள்ளும். பறவை என்றால், தூரத்துப் பறவைக்குத் தூரத்து மலையின் சாம்பல் நிறத்தைக் கொடுப்பாள். ஒரு கூட்டத்தில் இரண்டு பறவைக்கு ஒரே சிறகடி இருக்கக் கூடாது. வாணம் வெடித்தால் கீழே குளத்திலும் வெடிக்க வேண்டும், கல்யாணப் பெண்ணின் தோளிலும் அந்த நிறம் ஒரு கீற்று விழ வேண்டும்.

மகள் முதல் வகுப்பில் சூரியனுக்குப் பக்கத்தில் நிலாவை வரைந்து ஐந்து நட்சத்திரம் வாங்கி வந்தபோது, இவள் அந்த ஆசிரியையைப் பார்க்கக் கிளம்பினாள். கணவர்தான் வாசலில் குறுக்கே நின்று தடுத்தார்.

இவ்வளவு பேசுகிறவளுக்கும் ஒரு தடவை கை சறுக்கியது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு கணக்கு டீச்சரின் கல்யாண ஆல்பத்தில், அவசரத்தில், ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் நிலாவை வைக்கப் போய் மரத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். கிளைக்கும் பெண்ணின் கொண்டைக்கும் நடுவே நிலா தொங்கியது, யாரோ மரத்தில் மாட்டிவைத்த தட்டு மாதிரி. அச்சாகி, அட்டை போட்டு, வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. டீச்சர் வீட்டுக்கு வந்தவர் போனவரெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஒன்பது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த டீச்சரின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, படம் எடுக்கும் வேலை இவர்களிடமே வந்தது. மண்டபம் ஸ்டூடியோவுக்கு அதே தெருவில் அறுநூறு அடி தூரம், அது ஒன்றுதான் காரணம். டீச்சர் மாடி ஏறி வந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வானத்தில் எதுவும் சேர்க்கக் கூடாது. வெளுத்திருந்தால் வெளுத்தே இருக்கட்டும். நிலா, குருவி, மத்தாப்பு என்று ஒரு புள்ளி கூடுதலாக இருந்தாலும் ஆல்பத்தை வாங்க மாட்டாள். நிலாக்கா தலையைக் குனிந்தபடி சரி என்றாள். தன் மரத்து நிலா கண்முன் வந்து போனது.

கல்யாண வரவேற்பு ஒரு மாலையில். கணவர் மண்டபத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார், நிலாக்கா ஸ்டூடியோவில் இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் அவருடைய மின்கலம் தீர்ந்தது. மாற்று மின்கலத்தை வழக்கம்போல மறந்திருந்தார். உதவியாளரை மண்டபத்தில் நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக ஸ்டூடியோவுக்கு வந்தார். மின்கலத்தை மாட்டிக்கொண்டு, வந்ததுதான் வந்தோம், கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று மொட்டைமாடிக்குப் போனார். போனவர், அடுத்த நொடியே தடதடவென்று இறங்கி வந்தார். அலமாரிக்கு மேலே இருந்த நீள லென்ஸை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார். பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களுக்கென்று அவர் வாங்கிய லென்ஸ் அது. நிலாக்கா அதற்கு வைத்த பெயர் பீரங்கி.

கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தவர் முகம் ஜொலித்தது. மண்டபத்துக்குத் திரும்ப ஓட வேண்டும், நிற்க நேரமில்லை. கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி அவள் மேஜையில் வைத்துவிட்டு, "பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பார்த்தாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் உறவுக் கூட்டத்துக்குத் தப்பி மண்டபத்து மொட்டைமாடிக்கு வந்து, கைப்பிடிச் சுவர் ஓரம் நிற்கிறார்கள். யாரோ பார்க்கிறார்கள் என்பதே தெரியாமல் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். மேற்கே மிச்சமிருந்த வெளிச்சம் முகத்தில் விழுகிறது. அவர்களுக்குப் பின்னால், அவர்கள் உயரத்துக்கே, செம்மண் நிறத்தில் முழு நிலா. அதன் குறுக்கே கூடு திரும்பும் பறவைக் கூட்டம். ஒரு பறவையின் சிறகு நிலாவின் விளிம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருக்கிறது. நிலாவுக்கு மேலே, தூரத்து விளையாட்டு மைதானத்தில் போட்டி முடிந்ததும் விட்ட வாணம் ஒன்று சிவப்பாகப் பூத்திருக்கிறது. ஓரத்தில், பிள்ளைகளைத் தேடிக்கொண்டு மேலே வந்த மாப்பிள்ளையின் அப்பா, வழுக்கை மின்ன நின்றுகொண்டிருக்கிறார்.

நிலா, பறவை, வாணம் மூன்றும் ஒரே படத்தில். பதினேழு வருடத்தில் அவளே மூன்றையும் ஒரே வானத்தில் வைக்கத் துணிந்ததில்லை. யாரும் நம்ப மாட்டார்கள் என்று ஒன்றையாவது விட்டுவிடுவாள்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, சந்தேகம். இவர் எப்போது இந்த வேலையைக் கற்றுக்கொண்டார் என்றுதான் நினைத்தாள். படத்தை நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினாள். நிலாவின் விளிம்பில் வெட்டிய கோடு இருக்கிறதா என்று ஒரு சுற்று வந்தாள். இல்லை. கீழ் விளிம்பு லேசாக நசுங்கி, அலை அலையாக இருந்தது, அடிவானத்துக் காற்று வழியாகப் பார்த்தால் இருக்குமே, அப்படி. பெரிதாக்கினால், ஒட்டிய நிலாவின் மேல் தெரியும் பொடிப் புள்ளிகளும் மற்ற இடத்துப் புள்ளிகளும் ஒத்துப்போகாது. இதில் எல்லாம் ஒரே நெசவு. பறவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருபத்து மூன்று பறவைகள், இருபத்து மூன்று சிறகடிகள். நான்கு முறை தேடிய பிறகு நாற்காலியில் சாய்ந்தாள். அப்புறம்தான் சந்தோஷம் வந்தது, வந்ததும் தலைகால் புரியவில்லை. யாருமில்லாத அறையில் நாற்காலியோடு இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

இரவு அவர் வீட்டுக்கு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். ரசித்து ரசித்துப் பார்த்தேன் என்றாள். தேடியதைச் சொல்லவில்லை.

படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல், இரண்டு பக்கத்துக்கு விரித்து ஆல்பத்தின் நடுவில் வைத்தாள். மாதிரிப் படங்களை டீச்சர் வீட்டுக்கு அனுப்பினாள். மூன்றாம் நாள் காலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியையும் தண்டிப்பது போன்ற சத்தம். டீச்சர் முன்னால், கல்யாணப் பெண் நடுவில், மாப்பிள்ளையின் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால்.

டீச்சர் பையிலிருந்து அந்தப் படத்தின் அச்சுப் பிரதியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சிவப்புப் பேனாவால் திருத்தியிருந்தாள். நிலாவைச் சுற்றி ஒரு வட்டம், வாணத்துக்கு ஒரு வட்டம், பறவைகளுக்கு ஒரு பெரிய வட்டம். மேலே ஓரத்தில் ஒரு முட்டை. பத்துக்குப் பூஜ்யம்.

"எதுவும் சேர்க்கலைங்க" என்றார் கணவர். "நான் எடுத்தது. அப்படியே."

டீச்சர் தன் போனை எடுத்தாள். வரவேற்பன்று அதே மொட்டைமாடியில், அதே நேரத்தில், பின்னால் நின்ற அவளுடைய அப்பா எடுத்த வீடியோ அதில் ஓடியது. பெண்ணும் மாப்பிள்ளையும் தலை முதல் இடுப்பு வரை நிறைந்து நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், தூரத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு நிலா. அதன் மேலே தீக்குச்சி உரசிய மாதிரி ஒரு வாணம்.

"நிலா இருந்தது, வாணம் இருந்தது, ஒத்துக்கறேன்" என்றாள் டீச்சர். "பட்டாணி மாதிரி இருந்த நிலாவை ஆள் உயரத்துக்கு வளர்த்தது யாரு?"

நிலாக்கா வாயைத் திறந்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. இவ்வளவு நாளாகத் தொழிலில் சேர்த்துவைத்த அறிவையெல்லாம் கொட்டினாள். நான் செய்திருந்தால் வாணம் நீள நீளக் கோடாக இருக்கும், ஏனென்றால் என்னிடம் இருப்பதெல்லாம் கேமராவைத் தாங்கியில் நிறுத்தி நேரம் எடுத்துப் பிடித்த வாணம், இது துண்டு துண்டாக இருக்கிறது பாருங்கள் என்றாள். நிலாவின் அடிப்பாகம் நசுங்கியிருக்கிறது பாருங்கள் என்றாள். உங்கள் அப்பாவின் வழுக்கையைப் பாருங்கள், பின்னால் வெடித்த வாணத்தின் சிவப்பு ஒரு மயிரிழைக் கோடாக விளிம்பில் விழுந்திருக்கிறது, இதை யாராவது உட்கார்ந்து வரைவார்களா என்றாள். மாப்பிள்ளையின் அப்பா அனிச்சையாகத் தலையைத் தடவிக்கொண்டார்.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க வரைய மாட்டீங்களா?" என்றாள் டீச்சர்.

நிலாக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நியாயமான கேள்வி. அவள் கொடுத்த ஒவ்வோர் அத்தாட்சியும் அவளுடைய சாமர்த்தியத்துக்கு அத்தாட்சியாகிக்கொண்டிருந்தது. கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைத் திறந்து காட்டினாள். உங்கள் கம்ப்யூட்டரில் உங்களுக்கு வேண்டியதுதானே தெரியும் என்று பதில் வந்தது. கார்டைக் கேமராவிலேயே போட்டுக் காட்டினாள். செய்து முடித்துக் கார்டில் திரும்ப ஏற்றியிருக்கலாம் என்று பதில் வந்தது. அப்படி ஏற்ற முடியாது என்று சொல்ல வந்தவள், இவளுக்கு முடியாததும் உண்டா என்று அந்த மூன்று பேரும் பார்த்த பார்வையில் அடங்கிப்போனாள். உள்ளூரச் சிரிப்பும் வந்தது. பொய்யை நம்பவைக்கப் பதினேழு வருடம், ஓர் உண்மையை நம்பவைக்க வழியில்லை.

கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் படத்திலிருந்து கண் எடுக்க முடியவில்லை. ஆனால் புது மருமகள், நாத்தனாருக்கு எதிரே என்ன பேசுவாள்? கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

கடைசியில் டீச்சரே இறங்கி வந்தாள். படத்தை எடுத்துவிட வேண்டாம், போனில் இருப்பது போல நிலாவைச் சின்னதாக்கிவிடுங்கள், குருவிகளைத் துடைத்துவிடுங்கள், ஆல்பத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றாள். நிலாக்காவுக்கு அது பத்து நிமிட வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். நிஜ நிலாவை வெட்டி, பொய்யான சின்ன நிலாவாக்கி, உண்மையென்று ஒப்படைக்கலாம்.

"செஞ்சிடும்மா" என்றார் கணவர். "எதுக்கு வம்பு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதே சிரிப்பு, பாதியில் நின்றது. நிலாக்கா அதைப் பார்த்தாள். இந்த மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் மாடிக்கு ஓடி, ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அது அவருடையது இல்லை என்று ஊர் சொல்வதற்கு ஒரே காரணம், தான் அவர் மனைவி என்பது. அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் அவளுக்கு மூளை ஓடும்.

"மாட்டேன்" என்றாள். "டீச்சர், அந்தப் பட்டாணியும் நெசம், இந்த நிலாவும் நெசம். வாயால சொல்லிப் பிரயோஜனமில்லை. வாங்க மாடிக்கு. சார், நீங்க மட்டும் மண்டபத்துக்குப் போகணும்."

மாப்பிள்ளையின் அப்பா, தான் எதற்கு என்று கேட்டார். ஆள் உயரத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றாள்.

திட்டம் இதுதான். மண்டபத்துக்குப் பின்னால், இன்னும் முக்கால் மைல் தள்ளி, அந்த விளையாட்டு மைதானம். அதில் உயரமான ஒரு விளக்குக் கம்பம், உச்சியில் ஒரு பெரிய விளக்குப் பலகை. டீச்சர் முதலில் தன் அப்பாவோடு மண்டபத்து மொட்டைமாடிக்குப் போனாள். அவரைக் கைப்பிடிச் சுவர் ஓரம் நிறுத்தி, நான்கு எட்டுத் தள்ளி நின்று, போனில் படம் எடுத்தாள். அப்பா சட்டத்தை நிறைத்துக்கொண்டு நின்றார். விளக்குப் பலகை அவர் காதோரம் ஒரு மூக்குத்தி மாதிரி இருந்தது. அப்பாவை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு டீச்சர் இங்கே திரும்பி வந்தாள்.

ஸ்டூடியோ மொட்டைமாடியில் கணவர் பீரங்கியைத் தாங்கியில் ஏற்றி வைத்திருந்தார். பலகை அப்பாவின் தலைக்குப் பின்னால் வருமாறு இரண்டடி இடது, ஓரடி வலது என்று நகர்ந்து சரிசெய்தார். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. "இப்ப பாருங்க" என்று விலகினார்.

டீச்சர் குனிந்து பார்த்தாள். அவள் அப்பா நின்றார். அவர் தலைக்குப் பின்னால் விளக்குப் பலகை எழும்பி நின்றது. அவருடைய இரண்டு தோளையும் சேர்த்தால் எவ்வளவோ, அதைப்போல இரண்டு மடங்கு அகலத்துக்கு.

டீச்சர் நிமிர்ந்து வெறுங்கண்ணால் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

நிலாக்கா இந்த முறை நாக்கை அடக்கிக்கொண்டு அளவாகத்தான் பேசினாள். பலகை வளரவில்லை, உங்கள் அப்பாதான் சின்னதாகிவிட்டார் என்றாள். நான்கு எட்டில் நின்று பார்த்தால் அவர் மலை. அறுநூறு அடி தள்ளி வந்தால் அவர் எறும்பு. பலகை ஏற்கனவே தூரத்தில் இருப்பது, நாம் அறுநூறு அடி தள்ளி வந்ததெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நிலாவுக்கோ சுத்தமாகப் பொருட்டில்லை. லென்ஸ் அந்த இரண்டையும் சேர்த்துப் பக்கத்தில் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

"ஒரு அடி பொருளை நூத்திப்பத்து அடி தள்ளி வெச்சா நிலா அளவுக்குத் தெரியும்" என்றாள். "இதுதான் என் தொழில்ல முதல் கணக்கு. உங்க தம்பி அஞ்சரை அடி."

டீச்சரின் உதடுகள் அசைந்தன. அஞ்சரையை நூற்றுப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தாள். அறுநூற்று ஐந்து. அவள் மண்டபத்தைப் பார்த்தாள், தன் காலடியைப் பார்த்தாள். அந்த முகத்தில், ஒரு மாணவனுக்குத் தப்பாகப் பூஜ்யம் போட்டுவிட்ட ஆசிரியையின் கலக்கம் தெரிந்தது.

அதற்குள் கல்யாணப் பெண் லென்ஸைப் பிடித்துக்கொண்டாள். குனிந்தவள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அரை மணி நேரமாக வெயிலில் தனியாக நின்ற மாமனார், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், இடுப்பை ஆட்டி ஏதோ நடனம் ஆடிக்கொண்டிருந்தார். நாலு மாடி உயரத்தில், தோளைப்போல இரண்டு மடங்கு அகலமான விளக்குப் பலகைக்கு முன்னால். ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தார்கள். டீச்சர் மூன்று தடவை பார்த்தாள். அவள் போன் அடித்தது. நான் இறங்கி வரலாமா என்று கேட்டார் அப்பா. இன்னும் கொஞ்சம் நில்லுங்க, கணக்கு முடியலை என்று சொல்லிவிட்டு, டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மரத்து நிலாவுக்காக ஒன்பது வருடம் மற்றவர்கள் சிரித்ததையெல்லாம் ஒரே மூச்சில் அவளே சிரித்து முடித்தது போல இருந்தது.

கீழே இறங்கி வந்ததும் டீச்சர் பேனாவை எடுத்து, முட்டைக்கு முன்னால் ஓர் ஒன்றைப் போட்டாள். பத்துக்குப் பத்து. படம் அப்படியே இருக்கட்டும் என்றாள். பெண் முதல்முறையாக வாயைத் திறந்து, நாத்தனாருக்கு முன்னாலேயே, சத்தமாக நன்றி சொன்னாள், நிலாக்காவின் கணவரைப் பார்த்து.

கிளம்பும்போது டீச்சர் வாசலில் நின்றாள்.

"நிலாக்கா, ஒண்ணு கேக்கறேன். முதல்ல பார்த்தப்ப நீங்க நம்பினீங்களா?"

கணவர் தாங்கியை மடக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. பொய் சொல்ல நிலாக்காவுக்கு அரை நொடி போதும், தொழிலே அதுதான். ஆனால் இன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"இல்லை" என்றாள். "நாலு தடவை தேடினேன். ஒட்டு எங்கேயாவது இருக்கும்னு."

அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஊர் நம்பவில்லை என்று சண்டைக்குப் போனவள், முதலில் நம்பாதவள் தான்தான் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது.

"கிடைச்சுதா?" என்றார் கணவர்.

"கிடைக்கலை."

"நீ தேடி, உனக்குக் கிடைக்கலை" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு சிரித்தார். இந்தச் சிரிப்பு பாதியில் நிற்கவில்லை. டீச்சர் படி இறங்கி, தெருவுக்குப் போய், மண்டபத்தில் காத்திருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் வரைக்கும் இருந்தது.

ஆல்பம் போன பிறகு, இரு வீட்டார் சம்மதத்தோடு அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, கீழே தெருவோரம் மாடிப்படி வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டினார்கள். மாட்டிய அன்றே வாசலில் கூட்டம். மாடி ஜன்னலின் கறுப்புத் துணியை விலக்கி நிலாக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் கீழே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையும் கையுமாக வந்த ஒருவர் நின்று, அண்ணாந்து, தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

"எடிட்டிங் பிரமாதம்" என்றார். "யார் செஞ்சது?"

நிலாக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சொல்லுங்கள், நான் எடுத்தது என்று சொல்லுங்கள், வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்.

கணவர் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். கண்ணில் ஒரு குறும்பு. "எல்லாம் என் வீட்டுக்காரி வேலைங்க" என்றார்.

அவள் ஜன்னலை முழுசாகத் திறந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"பொய்யி! நம்பாதீங்க! அது அவர் எடுத்தது!"

வந்தவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். புருஷனுக்கு இவ்வளவு விட்டுக்கொடுக்கிற பெண்சாதியை இந்தக் காலத்தில் பார்க்க முடியுமா என்று கணவரின் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். கணவர் துடைக்கிற துணியை வாயில் வைத்து அடக்கியும் முடியாமல், கண்ணாடியில் சாய்ந்து சிரித்தார். நிலாக்கா ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு, அந்த ஆளைப் பிடித்து உண்மையைச் சொல்லியே தீருவதென்று தடதடவென்று படி இறங்கினாள்.